தடைச்சொல் பட்டியல் போதுமா? மதச் செய்திகளுக்கான நடைக் கையேடு பற்றி ஓர் இழை

புதுநிருபர் | மார்ச் 2, இரவு 9:10

மதம் சார்ந்த செய்திகளுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு நடைக் கையேடு எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நான் நினைத்திருப்பது இதுதான்: இடது பக்கம் தடைச்சொற்கள், வலது பக்கம் மாற்றுச் சொற்கள். 'அடிப்படைவாதி', 'தீவிர பக்தர்', 'மர்ம மதக்குழு', 'மிதவாதப் பிரிவு', 'மதவெறியர்' எல்லாம் இடது பக்கத்தில். மொத்தம் நாற்பது சொற்கள் தேறும். இது போதும் என்பது என் எண்ணம். விட்டுப்போனவற்றைச் சொல்லுங்கள்.

மேசைக்காரர் | மார்ச் 2, இரவு 11:45

பட்டியலில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதற்குக் காரணம் ஒரு வாக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் நான் இரவு டெஸ்கில் இருந்தபோது இப்படி ஒரு செய்தி வந்தது:

"மருத்துவத்தை ஏற்காத அடிப்படைவாத மதக்குழு ஒன்றைச் சேர்ந்த, தீவிர பக்தையான 34 வயதுப் பெண், பிரசவத்துக்குப் பின் ரத்தம் ஏற்ற மறுத்ததால் உயிரிழந்தார்."

குழு, யெகோவாவின் சாட்சிகள். என் மனதிலும் அப்போது உங்களுடையதைப் போல ஒரு பட்டியல் இருந்தது. 'அடிப்படைவாத' என்பதை அடித்துவிட்டு 'பழமைவாத' என்று போட்டேன். 'தீவிர பக்தை' என்பது 'ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட' என்று ஆனது. செய்தி அச்சுக்குப் போய்விட்டது. மறுநாள் படித்துப் பார்த்தால் சொல்தான் மாறியிருக்கிறது, வாசகருக்குப் புதிதாக ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பழைய வாக்கியம் அதே ஆளை அதே விரலால்தான் சுட்டியது, விரலில் மட்டும் உறை போட்டிருந்தேன்.

மேசைக்காரர் | மார்ச் 3, காலை 7:20

நேற்று தூக்கத்தில் பாதியில் விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

'மருத்துவத்தை ஏற்காத.' இது சாய்வான சொல் என்பதைவிட, தவறான தகவல். யெகோவாவின் சாட்சிகள் மருத்துவமனைக்குப் போவார்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொள்வார்கள், மருந்து சாப்பிடுவார்கள். அவர்கள் மறுப்பது ரத்தத்தை: முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா. இவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் போன்ற சிறு கூறுகளை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் மருத்துவமனையில்தான் பிரசவித்தார். மருத்துவத்தை ஏற்காதவர் அங்கே எதற்கு வந்தார் என்று நானும் கேட்கவில்லை, நிருபரும் கேட்கவில்லை.

'தீவிர பக்தை.' இது நிருபருக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தை மறுத்தார், அதனால் தீவிர பக்தை. ஏன் மறுத்தார்? தீவிர பக்தை என்பதால். வட்டமாகச் சுற்றி வந்து நிற்கிறது. அவர் வாரம் எத்தனை கூட்டங்களுக்குப் போனார், மறுப்பை முன்பே ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தாரா, அந்த அட்டையை யார் காட்டினார்கள் என்று விசாரித்திருந்தால் அந்தப் பெயரடைக்கே தேவை இருந்திருக்காது.

'மறுத்ததால் உயிரிழந்தார்.' அந்த 'ஆல்' யாருடையது? மருத்துவர் சொன்னாரா, உறவினர் சொன்னாரா, நாமாகச் சேர்த்ததா? இதை மூன்றாவதாகச் சொல்கிறேன், ஆனால் மூன்றில் இதுதான் பெரிய தவறு. எந்தத் தடைச்சொல் பட்டியலிலும் 'ஆல்' என்ற உருபு வராது.

அரைப்பக்கம் | மார்ச் 3, காலை 9:05

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஏபி செய்தி நிறுவனத்தின் ஸ்டைல் புக்கில் 'அடிப்படைவாதி' என்ற சொல்லையே தடை செய்துவிட்டார்கள். நாமும் தடை செய்தால் முடிந்தது. அது இஸ்லாமியர்களை இழிவுபடுத்த மேற்கத்திய ஊடகங்கள் உண்டாக்கிய சொல்.

முதுகுரல் | மார்ச் 3, மதியம் 1:30

இரண்டும் பாதிதான் சரி. முப்பது வருடம் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தவன், சொல்கிறேன்.

'ஃபண்டமெண்டலிஸ்ட்' என்ற அந்த ஆங்கிலச் சொல் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளின் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. 1910க்கும் 1915க்கும் இடையில், கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளை வலியுறுத்தி 12 தொகுதிகளாகக் கட்டுரைகள் வெளிவந்தன. செலவை ஏற்றவர் எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த லைமன் ஸ்டூவர்ட். 1920இல் பாப்டிஸ்ட் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் கர்ட்டிஸ் லீ லாஸ், அந்த அடிப்படைகளுக்காகப் போராடத் தயாராக இருப்பவர்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். வைத்தவரும் அந்தப் பக்கத்தவர்தான். பெருமையாகச் சூடிக்கொண்ட பெயர் அது. பிற மதங்களுக்கு ஒட்டியது பிற்பாடு, அப்போதுதான் வசைச்சொல்லாகவும் ஆனது.

ஏபி அதை அடியோடு தடுக்கவில்லை. ஒரு குழு தன்னை அப்படி அழைத்துக்கொண்டாலன்றிப் பொதுவாகப் பயன்படுத்தாதே என்கிறது. தடைக்கும் இதற்கும் நிறைய தூரம் உண்டு.

அரைப்பக்கம் | மார்ச் 3, மதியம் 2:10

சரி, ஏற்கிறேன். அப்படியென்றால் விதி இன்னும் சுலபம்: அவர்கள் தங்களை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே எழுத வேண்டும்.

நேர்கோடு | மார்ச் 3, மாலை 4:00

மன்னிக்கவும், எனக்கு இந்த இழையே பிடிக்கவில்லை. எந்த மதத்தையும் விமர்சிக்கக் கூடாது, எல்லோருக்கும் இனிப்பாக எழுத வேண்டும் என்று ஒரு கையேடா? ஒரு பெண் இறந்திருக்கிறார். அதற்கு அந்த நம்பிக்கை காரணமென்றால் அதைச் சொல்வதுதான் பத்திரிகை. யார் மனம் புண்படும் என்று பார்ப்பது நம் வேலை இல்லை.

மேசைக்காரர் | மார்ச் 3, இரவு 10:15

நேர்கோடு, மனம் புண்படுவதைப் பற்றி நான் பேசவே இல்லை. உங்கள் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அந்தக் கோபத்துக்கு அந்த வாக்கியம் உதவவில்லை என்பதுதான் என் வருத்தம். 'அடிப்படைவாதக் குழு' என்று எழுதியதும் வாசகர் முடிவுக்கு வந்துவிடுகிறார்: பைத்தியக்காரர்கள், நமக்குச் சம்பந்தமில்லை. பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். ரத்தம் வேண்டாம் என்ற போதனை எங்கிருந்து வந்தது, மறுக்காவிட்டால் அவருக்கு என்ன ஆகியிருக்கும், மருத்துவமனை வேறு வழிகளை முயன்றதா, இவற்றை எழுதியிருந்தால் விமர்சனம் இதைவிடக் கூர்மையாக இருந்திருக்கும். பெயரடை அந்தக் கேள்விகளையெல்லாம் மூடிவிட்டது.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியதை இப்போது தேடித் தெரிந்துகொண்டேன். ரத்தத்துக்கு விலகியிருங்கள் என்று பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் வரும் வரியை அவர்கள் ரத்தம் ஏற்றுவதற்கும் பொருத்துகிறார்கள். ரத்தம் ஏற்றுவது கூடாது என்ற நிலைப்பாடு 1945இல் அவர்களுடைய பத்திரிகை வழியாக வந்தது. அதாவது இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பவர்கள் சிலரின் வாழ்நாளுக்குள் வந்த விதி. 'காலங்காலமாக' என்று எழுதியிருந்தால் அதுவும் பிழைதான்.

அதனால் புதிய வாக்கியம் ஒன்றை முயன்றேன்: "யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த 34 வயதுப் பெண், பிரசவத்துக்குப் பின் ஏற்பட்ட ரத்தப்போக்கால் உயிரிழந்தார். தேவாலயத்தின் கட்டளைப்படி அவர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுத்ததாகப் பாதிரியார் தெரிவித்தார்."

நீலவானம் | மார்ச் 4, காலை 6:50

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தேன். இருபத்தாறு வயதில் வெளியே வந்தேன். அம்மா இன்னும் உள்ளே இருக்கிறார்.

மேசைக்காரர், உங்கள் புதிய வாக்கியத்தில் இரண்டு சொற்கள் சரியில்லை. அங்கே பாதிரியார் கிடையாது. சம்பளம் வாங்கும் குருமார் இல்லை, மூப்பர்கள் என்பார்கள். கூடும் இடம் தேவாலயமும் இல்லை, ராஜ்ய மன்றம். சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் செய்தியில் 'பாதிரியார்' என்று பார்த்ததும் இந்த நிருபர் எங்களில் ஒருவரிடமும் பேசவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் எழுதும் உண்மையையும் அம்மா நம்ப மாட்டார்.

மூன்றாவது, 'கட்டளைப்படி'. இதற்குத்தான் வந்தேன். அம்மா தன் அட்டையை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வரியையும் யோசித்து, எந்தச் சிறு கூறு வேண்டும் எது வேண்டாம் என்று தானே தீர்மானித்து எழுதினார். அவரை யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. 'கட்டளைப்படி மறுத்தார்' என்று போட்டால் அம்மா பொம்மையாகிவிடுகிறார்.

மேசைக்காரர் | மார்ச் 4, காலை 8:30

நன்றி. மூன்றையும் திருத்திக்கொண்டேன். 'சொந்த விருப்பத்தின்படி மறுத்தார்' என்று வைக்கலாமா?

நீலவானம் | மார்ச் 4, இரவு 9:40

பகல் முழுக்க இதையே யோசித்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் மனமறிந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு, அதற்காக வருந்தவும் இல்லை என்றால், அவர் தானாகவே சபையை விட்டு விலகிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து அதைச் சொல்லும் விதம் அப்படி. விலக்கினோம் என்று சொல்ல மாட்டார்கள், விலகிக்கொண்டார் என்பார்கள். அதன் பிறகு உள்ளே இருக்கும் நண்பர்களும் உறவினர்களும் பழக மாட்டார்கள். நான் வேறு காரணத்துக்காகத்தான் வெளியே வந்தேன், ஆனால் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா தானாகத்தான் எழுதினார். எழுதாமல் இருந்திருந்தால் எதை இழப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். 'கட்டளைப்படி' என்பது ஒரு பாதி, 'சொந்த விருப்பம்' இன்னொரு பாதி. ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மேசைக்காரர் | மார்ச் 4, இரவு 11:55

நீலவானத்தின் குறிப்பை நான்கு முறை படித்தேன். 'விலக்கினோம்', 'விலகிக்கொண்டார்' என்ற அந்த வேறுபாட்டைப் பார்த்தீர்களா? அரைப்பக்கம் சொன்ன விதி, அவர்கள் சொல்வதை அப்படியே எழுது என்பது, இங்கே நம்மை அவர்கள் தரப்பு வாயாக மாற்றிவிடும். அதற்காக 'விரட்டியடித்தார்கள்' என்று போட்டால் எதிர்த்தரப்பு வாயாகிவிடுவோம். வழி ஒன்றுதான் தெரிகிறது: நடப்பதை வினைச்சொல்லில் எழுத வேண்டும். "ரத்தம் ஏற்றிக்கொள்பவரைச் சபை விலகியவராகக் கருதும். உறுப்பினர்கள் அவருடன் பழகுவதை நிறுத்திக்கொள்வார்கள்." இதில் பெயரடையே இல்லை. வாசகர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

விலை என்னவென்றால், ஒரு சொல் இருந்த இடத்தில் இரண்டு வாக்கியங்கள் வருகின்றன. டெஸ்கில் அந்த இடம் கிடைக்காது என்று புதுநிருபர் சொல்வார். கிடைக்காதுதான். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடமில்லை என்றால் அந்த ஒரு சொல்லுக்கும் இடமில்லை என்பது என் கட்சி. வெறுமனே "யெகோவாவின் சாட்சிகளில் ஒருவர், ரத்தம் ஏற்ற மறுத்திருந்தார்" என்று நிறுத்திவிடலாம்.

முதுகுரல் | மார்ச் 5, காலை 10:20

'அவர்கள் சொல்வதை எழுது' என்ற விதி வேறு இடங்களிலும் தடுக்கும். மோர்மன் என்று நாம் எழுதி வந்த சபையின் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன், 2018 ஆகஸ்டில், சபையின் முழுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தார். ஏபி அடுத்த ஆண்டு தன் விதியை மாற்றிக்கொண்டது. அது பெயர் சார்ந்த கோரிக்கை, மதிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தச் சபை 1890இல் பலதார மணத்தைக் கைவிட்ட பிறகு, அதை விடாமல் பிரிந்துபோன குழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'ஃபண்டமெண்டலிஸ்ட்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆக, நாம் தடைசெய்ய நினைக்கும் சொல்லே அங்கே சரியான பெயர். பட்டியல்காரர் அதை அடித்தால் பிழை.

எதிர்முனையில் இஸ்லாமிக் ஸ்டேட். அந்தப் பெயருக்குள்ளேயே இரண்டு உரிமைக்கோரல்கள்: இஸ்லாம் என்றும், அரசு என்றும். ஏபி 'இஸ்லாமிக் ஸ்டேட் குழு' என்று பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தது. பிபிசி முன்னால் 'என்று சொல்லிக்கொள்ளும்' என்ற பொருளில் ஒன்றைச் சேர்த்தது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். இரண்டாவதில் நம் குரல் ஏறிவிடுகிறது.

நேர்கோடு | மார்ச் 5, காலை 11:00

பயங்கரவாதக் குழு விஷயத்தில் நம் குரல் ஏறினால் என்ன தப்பு?

முதுகுரல் | மார்ச் 5, காலை 11:25

தப்பு என்று சொல்லவில்லை, எனக்குப் பிடிக்காது என்றேன். அவர்கள் செய்த கொலைகளை எழுதினாலே போதும் என்று நினைப்பவன் நான். நீங்கள் போதாது என்று நினைக்கிறீர்கள். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

புதுநிருபர் | மார்ச் 5, இரவு 8:45

பட்டியலை இன்னும் விடவில்லை, ஆனால் ஆடிப்போயிருக்கிறது. ஒரு சந்தேகம். 'மர்ம மதக்குழு' என்பதை மட்டுமாவது முழுக்கத் தடை செய்யலாம் இல்லையா? ஆங்கிலத்தில் 'கல்ட்' என்று வருவதற்குத் தமிழில் என்ன போடுவது?

மேசைக்காரர் | மார்ச் 5, இரவு 10:30

தமிழில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. அது நமக்குக் கிடைத்த வசதி என்றே நினைக்கிறேன். சொல் இல்லாததால், அந்தக் குழு என்ன செய்கிறது என்று எழுத வேண்டிய கட்டாயம் வருகிறது. ஆனால் நாம் அந்த வசதியைக் கைவிட்டு 'மர்ம', 'விசித்திர', 'வினோத' என்று எதையாவது ஒட்டுகிறோம். மர்மம் யாருக்கு? நிருபர் உள்ளே போய்ப் பேசவில்லை என்பதற்குத்தான் அந்தச் சொல் சாட்சி.

1993இல் அமெரிக்காவின் வேகோ அருகே, பிராஞ்ச் டேவிடியன்ஸ் என்ற மதக்குழு வாழ்ந்த இடத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 28 அன்று ஆயுதச் சோதனைக்கு அதிகாரிகள் போனதில் தொடங்கி, 51 நாள் முற்றுகைக்குப் பின் ஏப்ரல் 19 அன்று தீயில் முடிந்தது. உள்ளே இருந்தவர்கள் தங்கள் இடத்தை மவுண்ட் கார்மல் என்று அழைத்தார்கள். செய்திகளில் அது பெரும்பாலும் 'காம்பவுண்ட்' என்றே வந்தது. தமிழில் காம்பவுண்ட் என்றால் வெறும் சுற்றுச்சுவர். ஆங்கிலச் செய்தியில் அது அரணிட்டு ஒளிந்திருக்கும் இடம் என்ற சாயலில் வந்தது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். 'வீடு' என்ற சொல்லோடு அந்தச் செய்தியைப் படித்திருந்தால் வாசகர் வேறு கேள்விகளைக் கேட்டிருப்பார் என்பது என் எண்ணம். முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை, அது வேறு கணக்கு. அங்கே உண்மையிலேயே ஆயுதங்கள் இருந்தன. சிறுமிகளிடம் தவறாக நடந்ததாகத் தலைவர்மீது கடுமையான குற்றச்சாட்டுகளும் இருந்தன. அவற்றை மறைக்கவும் கூடாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பெரிய மதத்தின் திருவிழாச் செய்தியில், தெய்வம் காட்சி கொடுத்ததை நடந்த சம்பவம்போல 'காட்சி கொடுத்தார்' என்று முற்றுப்புள்ளி வைக்கிறோம். சின்னக் குழு என்றால் 'என்று அவர்கள் நம்புகிறார்கள்' என்று வால் ஒட்டுகிறோம். வால் ஒட்டுவதானால் எல்லோருக்கும் ஒட்ட வேண்டும். இதைக் கையேட்டில் சேர்க்கச் சொல்வேன், எந்தத் தடைச்சொல்லையும்விட முன்னால்.

நீலவானம் | மார்ச் 6, காலை 7:05

அந்த வால்! சின்ன வயதில் பத்திரிகையில் எங்களைப் பற்றிப் படித்தபோதெல்லாம் 'நம்புகிறார்களாம்' என்றுதான் இருக்கும். அந்த 'ஆம்' விகுதியில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். பள்ளியில் அதையே சொல்லிக் கேலி செய்வார்கள்.

முதுகுரல் | மார்ச் 6, காலை 9:15

விகுதி என்றதும் நினைவு வருகிறது. தமிழில் வரும் சிக்கல் ஒன்று. ஆங்கிலக் கையேடுகளை வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது. 'கூறினார்', 'கூறினான்'. கைதானவர் எந்த மதம் என்பதைப் பொறுத்து ஆர், ஆன் மாறுவதை நான் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, கை தானாக எழுதிவிடும். ஒரு செய்தியில் 'மதகுரு கைது செய்யப்பட்டார்', இன்னொன்றில் 'மதபோதகன் சிக்கினான்'. தடைச்சொல் ஒன்றுமே இல்லை, ஆனால் தீர்ப்பு முடிந்துவிட்டது.

'சாமியார்' என்ற சொல்லும் அப்படித்தான். உருவத்தில் மரியாதைச் சொல். தலைப்பில் வரும்போது வாசகர் மோசடியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

அரைப்பக்கம் | மார்ச் 6, மாலை 5:30

குற்றச் செய்தியில் மதத்தையே சொல்லாமல் விட்டுவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே. எந்தச் செய்தியிலும் யார் மதத்தையும் எழுத வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

மேசைக்காரர் | மார்ச் 6, இரவு 9:50

நானும் ஒரு காலத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொண்டதற்கு 2012 ஆகஸ்ட் 5 காரணம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக்கில் உள்ள சீக்கியர்களின் குருத்வாராவுக்குள் ஒருவன் புகுந்து சுட்டான். ஆறு பேர் அன்றே இறந்தார்கள். படுகாயமடைந்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து 2020இல் இறந்தார். அந்தச் செய்தியில் மதத்தை விட்டுவிட்டால் 'ஒரு கட்டடத்தில் துப்பாக்கிச் சூடு' என்றுதான் எழுத வேண்டும். அது பொய்.

ஆனால் மதத்தைச் சொன்ன விதத்திலும் பிழை நடந்தது. முஸ்லிம்கள் என்று நினைத்துத் தவறுதலாகச் சீக்கியர்களைத் தாக்கியிருக்கலாம் என்று பலர் எழுதினார்கள், பேசினார்கள். 'தவறுதலாக' என்றால், சரியான இலக்கு ஒன்று இருந்தது என்று ஆகிவிடுகிறது. சுட்டவன் அதே இடத்தில் செத்துவிட்டான், அவன் மனதில் யார் இருந்தார்கள் என்று அவன் வாயால் கேட்க வழியில்லை. வெள்ளை இனவெறி இசைக்குழுக்களில் இருந்தவன் என்பது தெரிந்த உண்மை. அதை மட்டும் எழுதியிருக்கலாம்.

அடுத்தது இதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. 2011 ஜூலை 22, நார்வே. ஓஸ்லோ குண்டுவெடிப்பில் 8 பேர், உட்டோயா தீவுத் தாக்குதலில் 69 பேர் இறந்தார்கள். முதல் சில மணி நேரம் உலகம் முழுக்கப் பல ஊடகங்கள் ஜிஹாதிக் குழுக்களையே சுட்டிப் பேசின. பிடிபட்டவன் நார்வேக்காரன், தீவிர வலதுசாரி. சரி, திருத்திக்கொண்டார்கள் என்று பார்த்தால், காவல்துறை அதிகாரி ஒருவர் சொன்னதை வைத்து 'கிறிஸ்தவ அடிப்படைவாதி' என்று எழுதினார்கள். அவன் வெளியிட்ட 1,500 பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தில், தான் பெரிய மத நம்பிக்கையாளன் அல்ல என்று அவனே எழுதியிருக்கிறான். கிறிஸ்தவம் அவனுக்குப் பண்பாட்டு அடையாளம். இரண்டே நாளில் இரண்டு மதங்களுக்கு ஒரே தவறு. முதல் லேபிளைக் கிழித்த கையாலேயே இரண்டாவதை ஒட்டினார்கள், நடுவில் யாரும் எதையும் படிக்கவில்லை.

புதுநிருபர் | மார்ச் 6, இரவு 10:20

அப்போ மதத்தை எப்போது எழுதுவது? திருப்பிப் போட்டுப் பார்க்கும் சோதனையைச் சொல்வார்களே: மதத்தின் பெயரை மாற்றிப் போட்டுப் படி, அப்போதும் எழுதுவாயா என்று?

மேசைக்காரர் | மார்ச் 7, காலை 7:00

அந்தச் சோதனையை நான் பயன்படுத்துகிறேன், ஆனால் அது பாதி தூரம்தான் கொண்டுபோகும். பெயரைத் திருப்பிப் போட்டாலும் வாசகர் மனதில் இருக்கும் எடை திரும்பாது. பெரும்பான்மை மதத்தைச் சேர்ந்தவர் திருடினார் என்று எழுதினால் திருட்டு மட்டும் நினைவில் நிற்கும். சிறுபான்மையினர் திருடினார் என்றால் மதமும் சேர்ந்து நிற்கும். இருவருக்கும் ஒரே மாதிரி எழுதினேன் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

அதனால் நான் கேட்பது வேறு கேள்வி: மதத்தை எடுத்துவிட்டால் செய்தியில் ஏதாவது புரியாமல் போகிறதா? ஓக் கிரீக்கில் புரியாமல் போகும். ரத்தம் மறுத்த பெண்ணின் செய்தியிலும் போகும். வங்கி மோசடியில் போகாது. இடைப்பட்டவை நிறைய இருக்கும், அங்கே செய்தி ஆசிரியரோடு சண்டை போட வேண்டியதுதான்.

பின்சேர்க்கை, காலை 7:40: படத்தை மறந்துவிட்டேன். எழுத்தில் மதத்தை எடுத்துவிட்டு, கோப்பிலிருந்து தொப்பி போட்ட ஆட்களோ முக்காடு போட்ட பெண்ணோ இருக்கும் பழைய படத்தை வைத்தால் எடுத்தது திரும்பி வந்துவிடும். பக்கம் வடிவமைப்பவருக்கும் இந்தக் கையேடு போக வேண்டும்.

புதுநிருபர் | மார்ச் 8, இரவு 9:00

முதல் வரைவு. பட்டியல் போய்விட்டது. ஐந்து சொற்கள் மட்டும் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்றுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு கேள்வி. 'தீவிர பக்தர்' என்பதற்கு எதிரே: அவர் என்ன செய்ததைப் பார்த்தீர்கள்? 'அடிப்படைவாத' என்பதற்கு எதிரே: இது அவர்கள் வைத்துக்கொண்ட பெயரா? இல்லையென்றால் எந்தப் போதனையைச் சொல்கிறீர்கள்? 'மிதவாத' என்பதற்கு எதிரே: எதில் மிதம், யாரோடு ஒப்பிட்டு? ஆர், ஆன் விகுதியும் நம்புகிறார்கள் என்ற வாலும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டன.

தலைப்புதான் நிற்கிறது. மேசைக்காரரின் அந்தப் பெண் செய்திக்கு ஆறு சொல்லில் தலைப்பு வேண்டும் என்றால்?

மேசைக்காரர் | மார்ச் 8, இரவு 10:40

ஒன்றரை மணி நேரமாக இதோடுதான் இருக்கிறேன். 'ரத்தம் ஏற்ற மறுத்த பெண் மரணம்' என்றால் அந்த 'ஆல்' உருபு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'பிரசவத்துக்குப் பின் பெண் மரணம்' என்றால் செய்தியே போய்விடுகிறது. மருத்துவர் பெயரோடு காரணம் சொல்லியிருந்தால் முதலாவதைத் தயங்காமல் போடுவேன். அன்று யாரும் மருத்துவரிடம் கேட்கவில்லை.

நேர்கோடு | மார்ச் 8, இரவு 11:10

கேட்டிருந்தால் முதலாவது சரி என்கிறீர்கள். அப்படியென்றால் இவ்வளவு நாள் நானும் நீங்களும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் போல. ஆனாலும் நான் இரண்டாவதைப் போட விட மாட்டேன்.

நீலவானம் | மார்ச் 9, காலை 6:30

'ரத்தம் ஏற்ற மறுத்த தாய் மரணம்' என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இது எந்தச் செய்தி என்று சொல்லாமல். "தாய் என்று போடாதே, அந்தக் குழந்தை வளர்ந்து இதைப் படிக்கும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தை பிழைத்ததா?" என்று கேட்டார்.

மேசைக்காரர் | மார்ச் 9, காலை 8:15

பிழைத்தது. அதையும் நாங்கள் எழுதவில்லை.